அந்த 38

2024 சித்திரைத் தேருக்கு எங்கள் தெருக்காரர்கள் சமயபுரம் சாலையில் தண்ணீர்ப் பந்தல் போட்டோம். தண்ணீருக்குப் பொறுப்பு நான். என் பொறுப்பில் வைத்த தண்ணீரைக் குடித்தவர்களில் சிலர் வாந்தி பேதியில் படுத்தார்கள். அவர்களில் ஒரு பெண் என்னிடம் போனில் கேட்ட கேள்விக்கு நான் பொய் சொன்னேன். மிச்சம் இருந்த தண்ணீரை அன்றைக்கே அப்புறப்படுத்தினேன். பிறகு ஒரு வருடம் வாயைத் திறக்கவில்லை.

இவ்வளவுதான் என் குற்றம். இனி அது எப்படி நடந்தது என்று சொல்கிறேன். எதையும் மறைக்கமாட்டேன். தீர்ப்பு உங்களுடையது.

நான் பள்ளியில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவன். இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. தண்ணீரைப் பற்றித் தெரியாதவன் செய்த பிழையாக இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. எனக்குத் தெரியும் என்ற கர்வத்தில் செய்த பிழை இது.

எங்கள் பந்தல் பல வருடப் பந்தல். நான் பொறுப்புக்கு வருவதற்கு முன் பேரூராட்சிக் குழாய்த் தண்ணீரைத்தான் பெரிய டிரம்மில் பிடித்து வைப்பார்கள். வயதான ஒருவர் கொஞ்சம் பிளீச்சிங் பவுடரைக் குழைத்து, தெளிய வைத்து, தெளிந்த நீரை மட்டும் டிரம்மில் ஊற்றுவார். குடிக்கிறவர்கள் முகம் சுளிப்பார்கள். மருந்து வாடை என்பார்கள். அவர் சிரித்துக்கொண்டே, "வாடை இருந்தாத்தான் நல்லதுய்யா" என்பார்.

பொறுப்பு என் கைக்கு வந்ததும் நான் செய்த முதல் வேலை அந்த டிரம்மை எடுத்தது. கேன் தண்ணீர் வைக்கலாம் என்றேன். பார்வைக்கு மரியாதையாக இருக்கும் என்றேன். எல்லோரும் சரி என்றார்கள். பெரியவர் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. நானும் அவரிடம் கேட்கவில்லை.

பக்கத்தில் தண்ணீர்க் கம்பெனி வைத்திருப்பவன் என் பழைய மாணவன். கடையில் 35 ரூபாய்க்கு விற்ற 20 லிட்டர் கேனை, ஆத்தா காரியம் என்று 20 ரூபாய்க்குத் தருகிறேன் என்றான். 150 கேன், 3,000 ரூபாய். குறைந்த விலை எனக்குச் சந்தேகத்தைத் தரவில்லை, பெருமையைத் தந்தது. என் மாணவன் எனக்காகச் செய்கிறான் என்று நாலு பேரிடம் சொன்னேன். நோட்டீஸில் என் பெயரையும் போன் எண்ணையும் போட்டுக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குட்டி யானை வண்டியில் முதல் லோடு வந்தது. கேன்களைப் பந்தலுக்குப் பக்கத்தில், வெயிலிலேயே அடுக்கினார்கள். நிழலுக்கு நகர்த்தச் சொல்லவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. கேனை நான் பார்த்ததெல்லாம் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று மட்டும். ஒட்டியிருந்த தாளில் முத்திரை இருந்தது. போதும் என்று விட்டுவிட்டேன்.

அந்த ஒரு பார்வையில் நான் கவனிக்காமல் விட்டது நிறைய. முத்திரைக்குக் கீழே CM/L என்று தொடங்கும் உரிம எண் இருக்கவேண்டும். இல்லை. முத்திரைக்கு மேலே IS 14543 என்று இருக்கவேண்டும். அடைத்த குடிநீருக்கான தர எண் அது. அதுவும் இல்லை. கேனின் தோளில் ஒரு கம்பெனி பெயர் பிளாஸ்டிக்கிலேயே புடைத்து நின்றது. தாளில் வேறு பெயர். மூடியில் மூன்றாவதாக ஒரு பெயர். தயாரித்த தேதி போடும் இடம் வெறுமையாக இருந்தது. இதையெல்லாம் படிக்க ஒரு கேனுக்கு அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடத்தை நான் ஒரு கேனுக்குக்கூடக் கொடுக்கவில்லை.

அதற்குப் பதிலாக எல்லோர் முன்னாலும் என் சட்டைப் பையிலிருந்து டி.டி.எஸ். மீட்டரை எடுத்தேன். பேனா அளவு கருவி. ஒரு டம்ளரில் கேன் தண்ணீரைப் பிடித்து முக்கினேன். 38 என்று காட்டியது. இன்னொரு டம்ளரில் எங்கள் தெரு போர் தண்ணீரை எடுத்து முக்கினேன். 1,200க்கு மேல் போனது. சுற்றி நின்றவர்கள் ஆச்சரியப்பட்டார்கள். எண் குறையக் குறையச் சுத்தம் என்று நான் அவர்களுக்கு விளக்கினேன். அந்தச் சொற்கள் எனக்கு இன்னும் நினைவிருக்கின்றன. அவை தவறு. தவறு என்பதை அறிந்திருக்கவேண்டிய படிப்பு என்னிடம் இருந்தது.

ஆறு கேன் பார்த்தேன். 35க்கும் 41க்கும் நடுவில்தான் இருந்தன. பிறகு பார்ப்பதை நிறுத்திவிட்டேன்.

இனிச் சொல்லப்போகும் இடத்தில்தான் நான் தடுத்திருக்கலாம்.

எங்கள் தெருவில் பூக்கட்டும் அம்மா ஒருவர் உண்டு. பந்தலில் டம்ளர் கழுவவும் தண்ணீர் ஊற்றவும் அவர்தான் முன்னால் நிற்பார். திங்கட்கிழமை காலை ஒரு கேனைத் திறந்து ஸ்டாண்டில் கவிழ்க்கும்போது மூக்கைச் சுருக்கினார். என்னைக் கூப்பிட்டார்.

"சார், இந்தக் கேன்ல ஒரு வாடை வருது. பாசி வாடை மாதிரி."

நான் குனிந்து மோந்துகூடப் பார்க்கவில்லை. மீட்டரை எடுத்து முக்கினேன். அதே 38. அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"பாருங்கம்மா, முப்பத்தெட்டு. இதுக்கு மேல சுத்தமான தண்ணி கிடையாது. பிளாஸ்டிக் வாடையா இருக்கும்."

அவர் எண்ணைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "சரிங்க சார்" என்று ஊற்றத் தொடங்கினார்.

அவருக்கு மூக்கு இருந்தது. பூவோடே வாழ்கிறவர். காலையில் பறித்த மல்லிக்கும் நேற்றுப் பறித்ததற்கும் வாடையிலேயே வித்தியாசம் சொல்லக்கூடியவர். என் கையில் இருந்ததோ மூக்கு இல்லாத கருவி. கூட்டத்தின் நடுவில் படித்தவன் சொல்லை அவர் எதிர்த்துப் பேசமாட்டார் என்பது எனக்குத் தெரியும். அதைத்தான் நான் பயன்படுத்திக்கொண்டேன்.

சமயபுரத்துக்கு நடந்து வருகிறவர்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அவர்கள் எந்த நிலையில் தண்ணீருக்குக் கை நீட்டுகிறார்கள் என்று. மாசிக் கடைசி ஞாயிறு பூச்சொரிதலில் தொடங்கி 28 நாள் ஆத்தா பச்சைப் பட்டினி இருக்கிறாள். பக்தர்களுக்காக அவளே விரதம் இருக்கிறாள் என்பது நம்பிக்கை. அந்த நாட்களில் சமைத்த நைவேத்தியம் கிடையாது. துள்ளுமாவும் நீர்மோரும் பானகமும் இளநீரும்தான். அவளுக்காக மஞ்சள் உடுத்தி, விரதம் இருந்து, வெறுங்காலோடு ராத்திரி பகலாக நடந்து வருகிறார்கள். வயிறு காலி. உடம்பில் நீர் வற்றிக் கிடக்கிறது. பந்தலில் யார் என்ன கொடுத்தாலும் கேள்வி கேட்காமல் வாங்கிக் குடிக்கிறார்கள். கொடுப்பது ஆத்தா என்று நினைக்கிறார்கள். கொடுத்தவன் நான்.

அந்தத் தண்ணீரிலேயே நீர்மோரும் கரைத்தோம்.

புதன்கிழமை காலை பூக்கட்டும் அம்மா வரவில்லை. அவருடைய மகள் வயிற்றுப் பேரனுக்கு, ஆறு வயதுப் பையனுக்கு, ராத்திரி முழுக்க வாந்தி பேதி. ஆஸ்பத்திரியில் சேர்த்து இரண்டு நாள் டிரிப் ஏற்றினார்கள். பந்தலில் நின்ற இளைஞர்களில் மூன்று பேருக்கு வயிற்றுப்போக்கு. மத்தியானத்துக்குள் எங்கள் தெருவில் மட்டும் பதினோரு பேர். ஒவ்வொரு பெயரும் காதில் விழ விழ நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். எல்லோரும் பந்தலில் குடித்தவர்கள்.

அன்றைக்கு மூன்று மணி வாக்கில் போன் வந்தது. நோட்டீஸைப் பார்த்துக் கூப்பிடுகிறேன் என்றார் ஒரு பெண். பெரம்பலூர்ப் பக்கத்திலிருந்து நடந்து வந்த குழுவாம். நாலு பேர் படுத்துவிட்டார்களாம். குரலில் கோபம் இல்லை.

"உங்க பந்தல்ல என்ன தண்ணிங்கய்யா வச்சீங்க? டாக்டர் கேக்குறாரு."

மருத்துவருக்கு அந்தத் தகவல் தேவைப்பட்டிருக்கிறது. எங்கே குடித்தார்கள், என்ன தண்ணீர், வேறு யாருக்கும் இப்படி இருக்கிறதா என்று தெரிந்தால் அவருக்கு ஒரு தடம் கிடைக்கும். எங்கள் தெருவில் பதினோரு பேர் படுத்திருப்பது எனக்கு அந்த நேரத்தில் தெரியும். நான் சொன்ன பதில் இது:

"ஐ.எஸ்.ஐ. கேன் தண்ணிதாம்மா. சுத்தமான தண்ணி. நானே மீட்டர் வச்சுப் பாத்தேன். வழியில வேற எங்கயாவது சாப்பிட்டிருப்பீங்க."

"சரிங்கய்யா" என்று அவர் போனை வைத்துவிட்டார்.

அவர் நலமானாரா, அந்த நாலு பேர் எத்தனை நாள் படுத்தார்கள், எத்தனை நாள் கூலி போனது, எதுவும் எனக்குத் தெரியாது. எந்த ஊர் என்றுகூட நான் கேட்கவில்லை. அந்த எண்ணை அன்றைக்கே போனிலிருந்து அழித்தேன். பயம். என் பெயர் நோட்டீஸில் இருந்தது என்ற பயம்.

பந்தலில் 22 கேன் திறக்காமல் மிச்சம் இருந்தன. உண்மை தெரியவேண்டும் என்றால் அவற்றில் ஒன்று போதும். சீல் உடையாத கேனைப் பரிசோதனைக்குக் கொடுத்திருந்தால் தண்ணீர்தான் காரணமா இல்லையா என்று ஓரளவு தெளிவாகியிருக்கும். நான் மாணவனுக்குப் போன் செய்து வண்டி அனுப்பச் சொன்னேன். ஆறு மணிக்குள் 22 கேனும் போய்விட்டன.

யாராவது கேட்டால் சொல்ல ஒரு நியாயம் வைத்திருந்தேன். திருவிழாக் கூட்டத்தில் ஆயிரம் இடத்தில் சாப்பிடுகிறார்கள், ஐஸ் இருக்கிறது, பழத் துண்டு இருக்கிறது, எது என்று யாரால் சொல்ல முடியும்? உண்மைதான். தண்ணீர்தான் காரணம் என்று இன்றைக்கும் என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் நிரூபிக்க முடியாதபடி செய்ததே நான்தான். அந்தச் சந்தேகத்தின் பலனைக் கேட்கும் உரிமை எனக்கு இல்லை.

இரண்டு வாரம் கழித்து என் வீட்டில் தனியாக ஒரு சோதனை செய்தேன். வீட்டுக்கும் அதே மாணவன்தான் கேன் போட்டுக்கொண்டிருந்தான். ஊராட்சிகளில் தண்ணீர் பார்ப்பதற்கு ஒரு சின்னப் புட்டி வைத்திருப்பார்கள். ஹைட்ரஜன் சல்பைடு புட்டி என்று பெயர். குவாலியரில் உள்ள பாதுகாப்புத் துறை ஆராய்ச்சி நிலையத்தில் கண்டுபிடித்து 1982இல் வெளியிட்ட முறை அது. புட்டிக்குள் மருந்து தோய்த்த தாள் ஒன்று இருக்கும். குறியிட்ட கோடு வரை தண்ணீரை ஊற்றி மூடி, வெதுவெதுப்பான இடத்தில் வைத்துவிட வேண்டும். குடலில் வாழும் சில பாக்டீரியா வகைகள் தண்ணீரில் இருந்தால் அவை விடும் வாயு தாளில் உள்ள இரும்போடு சேர்ந்து தண்ணீரைக் கறுப்பாக்கும். நம் ஊர் வெயில் காலத்தில் அலமாரிச் சூடே போதும்.

மூன்று புட்டி வைத்தேன். ஒன்றில் கேன் தண்ணீர். ஒன்றில் குழாய்த் தண்ணீர். ஒன்றில் கொதித்து ஆறிய தண்ணீர். கேனின் வாயைப் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, கையைச் சோப்பு போட்டுக் கழுவிய பிறகே பிடித்தேன். என் கையிலிருந்து போய்விட்டது என்று பிறகு சாக்குச் சொல்ல இடம் வைக்கக் கூடாது என்று நினைத்தேன். மறுநாள் காலை மூன்றும் ஒரே நிறம். அன்று ராத்திரி எழுந்து விளக்கைப் போட்டுப் பார்த்தேன். கேன் தண்ணீர்ப் புட்டி மைக்கூடு போல் கறுத்திருந்தது. மற்ற இரண்டும் மாறவில்லை.

அதே கேனில் மீட்டரை முக்கினேன். 37.

அந்த ராத்திரி சமையலறையில் உட்கார்ந்து, என் மாணவர்களுக்கு நான் எத்தனையோ முறை சொல்லிக்கொடுத்த பாடத்தை எனக்கே நடத்திக்கொண்டேன். ஒரு டம்ளர் கேன் தண்ணீரில் ஒரு கரண்டி சர்க்கரையைக் கரைத்தேன். மீட்டர் அசையவே இல்லை. இன்னொரு டம்ளரில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டேன். எண் எகிறியது. மீட்டர் தண்ணீரில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதே இல்லை. மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்று மட்டும் பார்த்து, அதிலிருந்து உப்பின் அளவைக் கணக்கிட்டுக் காட்டுகிறது. சர்க்கரை மின்சாரத்தைக் கடத்தாது. அதனால் அது மீட்டருக்குத் தெரியாது. கிருமியும் தெரியாது. பூச்சிமருந்தும் தெரியாது. 38 என்ற எண் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: இந்தத் தண்ணீர் ஆர்.ஓ. வழியாக வந்திருக்கிறது, உப்புக் குறைவு. அது பொய் இல்லை. அதை வைத்து நான் சொன்னதுதான் பொய்.

மறுநாள் கம்பெனிக்குப் போனேன். மாணவன் எதையும் மறைக்கவில்லை. முன் அறை சுத்தமாக இருந்தது. போர் தண்ணீர் மணல் வடிகட்டி, கரி வடிகட்டி, ஆர்.ஓ. சவ்வு, புற ஊதா விளக்கு என்று வரிசையாகப் போனது. கடைசியில் ஓசோன் கலக்கும் கருவி. அது பழுதாகிச் சில வாரங்கள் ஆகிவிட்டன என்றான். பிறகு பின்பக்கம் கூட்டிப் போனான். கடையிலிருந்தும் வீட்டிலிருந்தும் திரும்பி வந்த காலிக் கேன்களை அங்கே கழுவினார்கள். ஒரு சிமெண்ட் தொட்டி. அதில் போர் தண்ணீர். கேனை அமுக்கி, குலுக்கி, கவிழ்த்து வைத்தார்கள். தொட்டியின் பக்கவாட்டில் பச்சை படிந்திருந்தது. முறைப்படி காரக் கரைசலில் கழுவி, கிருமிநாசினியில் அலசி, கடைசியில் ஆர்.ஓ. தண்ணீராலேயே அலசவேண்டும். "சீசன்ல அதுக்கெல்லாம் நேரம் இல்ல சார்" என்றான்.

நான் காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டேன். கழுவிய கேனில் 50 மில்லி தொட்டித் தண்ணீர் தங்கிவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் டி.டி.எஸ். 1,200. அந்த 50 மில்லியில் இருக்கும் உப்பு 60 மில்லிகிராம். அது 20 லிட்டரில் கலந்தால் லிட்டருக்கு 3 மில்லிகிராம் கூடும். 35 காட்டவேண்டிய மீட்டர் 38 காட்டும். மூன்று எண் வித்தியாசத்தை யார் பொருட்படுத்துவார்கள்? நான் பொருட்படுத்தவில்லை. இப்போது கிருமிக் கணக்கு. தொட்டித் தண்ணீரில் ஒரு மில்லிக்கு ஆயிரம் கிருமி என்று வைத்துக்கொண்டால் அந்த 50 மில்லியில் 50,000. அது 20 லிட்டரில் பரவினால் 200 மில்லி பிடிக்கும் ஒரு டம்ளரில் 500. இது நான் போட்ட உத்தேசக் கணக்குதான். ஆனால் சட்டம் கேட்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அடைத்த குடிநீரில் 250 மில்லி எடுத்துப் பார்த்தால் ஈ.கோலையோ கோலிஃபார்மோ ஒன்றுகூட இருக்கக் கூடாது.

இன்னொன்றும் அப்போதுதான் எனக்கு உறைத்தது. குழாய்த் தண்ணீரில் குளோரின் மிச்சம் இருக்கும். தெருக் குழாய் முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்கவேண்டும் என்பது விதி. வழியில் ஒரு கிருமி விழுந்தாலும் அந்த மிச்சம் அதைப் பார்த்துக்கொள்ளும். ஆர்.ஓ. கேனில் காவலுக்கு எதுவும் கிடையாது. ஓசோன் இருந்தாலும் அது கொஞ்ச நேரத்தில் சிதைந்து போய்விடும். எங்கள் கேனில் அதுவும் இல்லை. விழுந்த கிருமி வெயிலில் அடுக்கிய கேனுக்குள் இரண்டு நாள் பெருகியிருக்கலாம். பெரியவர் டிரம்மில் ஊற்றிய மருந்து வாடைதான் அத்தனை வருடம் அந்தப் பந்தலைக் காத்தது. முகம் சுளிக்கிறார்கள் என்பதற்காக நான் அதை எடுத்துவிட்டு, காவல் இல்லாத தண்ணீரை வைத்தேன்.

இவ்வளவும் தெரிந்த பிறகு நான் என்ன செய்திருக்கவேண்டும்? உணவுப் பாதுகாப்புத் துறைக்குச் சொல்லியிருக்கவேண்டும். தெருவில் சொல்லியிருக்கவேண்டும். பெரியவரிடமும் பூக்கட்டும் அம்மாவிடமும் போயிருக்கவேண்டும். நான் மாணவனிடம் தொட்டியை மாற்று, ஓசோனைச் சரிசெய் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். அவன் செய்தானா என்று போய்ப் பார்க்கவில்லை. என் வீட்டுக்கு மட்டும் அவனிடம் கேன் வாங்குவதை நிறுத்தினேன். எதிர்வீட்டில் தொடர்ந்து வாங்கினார்கள். அவன் வண்டி எங்கள் தெருவில் கேன் இறக்குவதைத் தினமும் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன். என் மாணவன் பிழைப்பு கெடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையான காரணம் அது இல்லை. அவனைப் பற்றிச் சொன்னால் என்னைப் பற்றியும் சொல்லவேண்டி வரும்.

2025 ஏப்ரலில் உறையூரில் வாந்தி பேதி பரவியது. குழாயில் சாக்கடை கலந்துவிட்டது என்று தெருமக்கள் சொன்னார்கள். மாநகராட்சி மறுத்தது. திருச்சி முழுக்க அதே பேச்சு. எங்கள் பக்கத்திலும் பயந்துபோய்க் குழாயை விட்டுக் கேனுக்கு மாறினார்கள். ஒரு சாயங்காலம் எதிர்வீட்டு மருமகள், கைக்குழந்தையோடு வாசலில் நின்றவள், என்னிடம் கேட்டாள்.

"சார், நீங்க கெமிஸ்ட்ரி வாத்தியார். கேன் தண்ணி குழந்தைக்குக் கொடுக்கலாம்ல?"

ஒரு வருடத்துக்கு முன் போனில் கேட்ட அதே கேள்விதான். இந்த முறை கேட்டவள் முகம் எனக்கு எதிரே இருந்தது. அவளிடம்தான் முதலில் சொன்னேன். வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அடுத்த நாள் உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் புகார் எண் 94440 42322க்குக் கம்பெனி இருக்கும் இடத்தை எழுதி அனுப்பினேன். மாணவனிடமும் அனுப்பிவிட்டேன் என்று சொன்னேன். அவன் என்னோடு பேசுவதில்லை. அவன் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவன் தொட்டியில் செய்த பிழையைத் துணிந்து செய்யும்படி, "நல்ல தண்ணி" என்று ஊர் அறியச் சான்று கொடுத்தவன் நான்.

எதிர்வீட்டு மருமகளிடம் சொன்ன விஷயத்தை உங்களிடமும் சொல்லிவிடுகிறேன். வாக்குமூலத்தோடு இதுவும் சேரும். நான் செய்யத் தவறியது என்ன என்று இதைக் கொண்டுதான் அளக்கமுடியும்.

கேன் வந்ததும் படியுங்கள். கேனிலும் தாளிலும் மூடியிலும் ஒரே பெயர் இருக்கவேண்டும். உணவுப் பாதுகாப்பு உரிம எண் 14 இலக்கம். தமிழ்நாட்டு உரிமம் என்றால் இரண்டாவது மூன்றாவது இலக்கம் 24. ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்தால் அதன் CM/L எண்ணை BIS Care செயலியில் போட்டுப் பாருங்கள். கம்பெனி பெயரும் உரிமம் நடப்பில் இருக்கிறதா என்பதும் வரும். என் பந்தலுக்குக் கேன் வந்தபோது ஐ.எஸ்.ஐ. கட்டாயம். 2024 அக்டோபரில் அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டார்கள். நவம்பர் கடைசியில் இந்தத் தண்ணீரை அதிக ஆபத்துள்ள உணவு வகையில் சேர்த்தார்கள். ஆகவே முத்திரை இல்லாத கேன் எல்லாம் கள்ளக் கேன் இல்லை. எண் இல்லாத முத்திரைதான் சந்தேகத்துக்குரியது.

பிறகு கேனை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பாருங்கள். உள்ளே கீறலோ, பச்சையோ, வழுவழுப்போ இருந்தால் திருப்பிக் கொடுங்கள். கீறலில் தங்கும் கிருமி குலுக்கினால் போகாது. திறந்ததும் மோந்து பாருங்கள். சந்தேகம் வந்தால் புட்டிச் சோதனை வையுங்கள். அதற்கும் எல்லை உண்டு. கறுத்தால் குடிக்கக் கூடாது. ஆனால் கறுக்கவில்லை என்பதால் மட்டும் சுத்தம் என்று ஆகிவிடாது. வைரஸும் வேறு சில கிருமிகளும் அதில் அகப்படா. இயற்கையாகவே அழுகிய முட்டை வாடை வீசும் போர் தண்ணீரில் கிருமி இல்லாமலும் கறுக்கும். உறுதியாகத் தெரியவேண்டும் என்றால் பரிசோதனைக் கூடத்துக்குத்தான் கொண்டுபோகவேண்டும். குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்ட அளவில் கூடங்கள் உண்டு. அவர்கள் தரும் கிருமி நீக்கிய புட்டியிலேயே பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்து, அன்றைக்கே சேர்க்கவேண்டும்.

பலருக்கு ஊற்றும் பந்தல் என்றால் ஒன்று சொல்வேன். 0.5 கிராம் குளோரின் மாத்திரை ஒன்று 20 லிட்டர் தண்ணீருக்குப் போதும். ஒரு கேனுக்கு ஒரு மாத்திரை. அரை மணி நேரம் வைத்திருந்து ஊற்றலாம். என் 150 கேனுக்கு 150 மாத்திரை போதுமாயிருந்தது.

கடைசியாகப் பூக்கட்டும் அம்மாவிடம் போனேன். அவருடைய பேரன் திண்ணையில் விளையாடிக்கொண்டிருந்தான். நின்றபடியே சொன்னேன். அன்று வாடை வந்தது உண்மை என்றேன். நான் மோந்துகூடப் பார்க்காமல் உங்களை அடக்கிவிட்டேன் என்றேன். கேன்களைத் திருப்பி அனுப்பியதையும் போனில் சொன்ன பொய்யையும் சொன்னேன். அவர் நாரை முடிந்துகொண்டே கேட்டார். முடிந்த பிறகு நிமிர்ந்தார்.

"அன்னைக்கே எனக்குத் தெரியும் சார். நீங்க சொல்றீங்களேன்னு ஊத்துனேன். என் கையாலதான இவனுக்கும் கொடுத்தேன்."

ஒரு வருடமாக அவர் அந்தப் பாரத்தைத் தன்னுடையதாகச் சுமந்திருக்கிறார். எனக்கு அது தோன்றவே இல்லை. நான் என் பெயரைக் காத்துக்கொண்டிருந்த அத்தனை நாளும், பேரனுக்கு நஞ்சு ஊற்றியது தன் கை என்று அவர் நினைத்திருக்கிறார். அன்றே நான் வாய் திறந்திருந்தால் அந்த நினைப்பு அவருக்கு வந்திருக்காது.

உங்க கை இல்லம்மா, என் வாய் என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. அடுத்த பூவை எடுத்தார்.

பெரம்பலூர்ப் பக்கத்து அந்தப் பெண்ணை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. எண்ணை அழித்தவன் நான்தான். அவர் கேட்டதற்கு நான் சொல்லியிருக்கவேண்டிய பதிலை இங்கே எழுதி வைக்கிறேன்: அம்மா, அது கேன் தண்ணீர். அதைச் சரியாகப் பார்க்காமல் வைத்தேன். எங்கள் தெருவிலும் பதினோரு பேர் படுத்திருக்கிறார்கள். டாக்டரிடம் இதைச் சொல்லுங்கள்.